தஞ்சைப் பெரிய கோயிலின் ஒரே சுவரில் இரண்டு ஓவியங்கள்: ஈரச் சுண்ணாம்பும் வேப்பம் பிசினும்

போன சனிக்கிழமை உழவாரப் பணிக்கு வந்திருந்த ஒரு தம்பி, மண்டபத்துத் தூணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "அங்கிள், கும்பாபிஷேகத்துக்கு அடிச்ச சாயம் மூணு வருஷத்துல உரியுது. தஞ்சாவூர்ல ஆயிரம் வருஷத்து ஓவியம் இன்னும் இருக்குன்னு சொல்றாங்க. அவங்க அப்படி என்னதான் சாயம் போட்டாங்க?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது கொஞ்சம் சொன்னேன், பாதியிலேயே மணியடித்துப் பூஜைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான், நிதானமாகப் படியுங்கள்.

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், அவர்கள் சாயம் போடவே இல்லை. சுவர் ஈரமாக இருக்கும்போதே நிறத்தை அதற்குள் சேர்த்துவிட்டார்கள். சுவர் கல்லானபோது நிறமும் கல்லோடு கல்லாகிவிட்டது. இதைச் சொன்னதும் தம்பி நம்பவில்லை. அதனால் அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் பெருவுடையாரைத் தரிசித்துவிட்டு வெளிப் பிரகாரத்தைச் சுற்றி வந்திருப்பீர்கள். ஆனால் கருவறையை ஒட்டி, இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ளே ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. பொதுவாகப் பக்தர்களை அங்கே விடுவதில்லை. குறுகலான, இருட்டான வழி. அதற்கு நேர் மேலே உள்ள தளத்தில்தான் பரதநாட்டியக் கரணங்கள் 81 சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்த்தளத்துச் சுவர்களில் இருப்பவை ஓவியங்கள்.

மேற்குப் பக்கத்துச் சுவரில் ஆலமரத்தடியில் தட்சிணாமூர்த்தி. பக்கத்திலேயே சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை. திருமணத்தன்று கிழவர் வேடத்தில் இறைவன் ஓலையோடு வந்து வழக்காடுவதும், கடைசியில் சுந்தரர் வெள்ளை யானை மேலும் சேரமான் பெருமாள் குதிரை மேலும் கயிலைக்குப் போவதும் ஒரே சுவரில் நடக்கின்றன. தில்லையில் நடராஜரை அரச குடும்பத்தார் வணங்கும் காட்சி உண்டு. வடக்குச் சுவரில் முப்புரம் எரித்த கோலம். பிரமன் தேரோட்ட, எட்டுக் கையோடு இறைவன் வில்லேந்தி நிற்கிறார். எதிரே அசுரர்கள், அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்களுடைய பெண்கள். ராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டில் விமானத்தின் மேல் கலசம் வைத்தார். இந்த ஓவியங்களும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் பல நூறு ஆண்டுகளாக இவற்றை யாரும் பார்க்கவில்லை. தஞ்சை நாயக்கர் காலத்தில், இப்போதிலிருந்து ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னால், இதே சுவர்களின் மேல் புதிதாகப் பூச்சுப் பூசி வேறு ஓவியம் எழுதிவிட்டார்கள். அப்புறம் வந்தவர்களுக்குத் தெரிந்தது அந்த மேல் ஓவியம் மட்டும்தான். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்தபோது, மேல் பூச்சு விழுந்துபோன இடங்களில் அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். மேலே இருந்தது இளையது, கீழே இருந்தது அதைவிட 600 ஆண்டு மூத்தது. இளையது உதிர்கிறது, மூத்தது கெட்டியாக நிற்கிறது. தம்பி கேட்ட கேள்வியே சுவரில் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, பாருங்கள்.

அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் தேடியவர் எஸ். பரமசிவன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்தவர். 1930களில் சித்தன்னவாசல், தஞ்சாவூர் போன்ற இடங்களின் பூச்சையும் நிறத்தையும் துளித் துளியாக எடுத்துச் சோதித்தார். நிறத்தைச் சுவரில் ஒட்டவைத்தது எது, பசையா, பிசினா, வேறு எதுவுமா என்று பார்த்தார். சோழர் அடுக்கு ஈரச் சுண்ணாம்பில் எழுதப்பட்டது, நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பேதான் என்ற முடிவுக்கு வந்தார். மேலே இருந்த நாயக்கர் அடுக்கு அப்படி இல்லை, அது காய்ந்த பூச்சின் மேல் எழுதியது.

இது புரிய வேண்டுமானால் சுண்ணாம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுப் பாட்டி வெற்றிலையில் தடவின அதே சுண்ணாம்புதான்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு எரிப்பார்கள். சுமார் 900 டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். கிடைப்பது எடை குறைந்த, சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று சத்தம் போட்டு, கொதித்து, தானாகவே பொடிந்து குழைந்துவிடும். இதைத்தான் நீற்றுதல் என்கிறோம். அப்பர் சுவாமிகளைச் சமணர்கள் சொல்கேட்டுப் பல்லவ மன்னன் ஏழு நாள் அடைத்து வைத்தது நீற்றறையில் என்று புராணத்தில் கேட்டிருக்கிறோம் இல்லையா? அந்த நீற்றறை என்பது இந்தச் சுண்ணாம்புக் காளவாய்தான். உள்ளே என்ன சூடு இருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஊறப்போடுவார்கள். நாள் ஆக ஆக அது வெண்ணெய் மாதிரி மிருதுவாகும். அவசரப்பட்டு எடுத்தால், நீறாமல் உள்ளே மாட்டிக்கொண்ட சிறு கட்டிகள் சுவரில் பூசிய பிறகு மெதுவாகத் தண்ணீர் குடித்து உப்பும். பூச்சில் அம்மைக் கொப்புளம் மாதிரி புள்ளிகள் வெடிக்கும். ஓவியத்தில் முகம் இருக்கிற இடத்தில் அப்படி ஒன்று வெடித்தால் அவ்வளவுதான்.

இந்தக் குழைவைச் சுவரில் பூசியதும் வேலை தலைகீழாக நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே போகிறது. காளவாயில் எதை இழந்ததோ அதைச் சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல், சுண்ணாம்பு, மறுபடியும் கல். இந்தச் சுற்றின் நடுவில், குழைவாக இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் நிறத்தை வைத்துவிட வேண்டும். அதுதான் ஈரச்சுவர் ஓவியத்தின் மொத்த ரகசியமும்.

இனி பெரிய கோயில் சுவருக்கு வருவோம். அது கருங்கல். கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது, வழவழப்பாக இருந்தால் பூச்சும் பிடிக்காது. அதனால் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த சொரசொரப்பான ஒரு பூச்சு. கல்லின் மேடுபள்ளத்தை நிரப்பிச் சமன் செய்வது இதன் வேலை. மணல் இல்லாமல் வெறும் சுண்ணாம்பைத் தடிமனாகப் பூசினால் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதன் மேல் மிக மெல்லிய, நைஸான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று. ஓவியம் ஏறுவது இந்த மேல் பூச்சில்தான். எல்லாம் சேர்ந்தும் சில மில்லிமீட்டர் கனம்தான் வரும்.

பூசி முடித்ததும் உடனே தூரிகையை வைக்க முடியாது. சேறு மாதிரி இருந்தால் தூரிகை பூச்சைக் கிளறிவிடும், நிறமும் சுண்ணாம்பும் கலந்து பால் ஊற்றினது போல வெளுத்துப் போகும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, ஆனால் குளிர்ச்சியாக, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சுகிற நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் தொடங்க வேண்டும், பூச்சு இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பூச்சுக்கு அந்த அவகாசம் இரண்டு மூன்று நாள் என்று சொல்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகும் காட்சிகளை, விளக்கு வெளிச்சத்தில், அந்தக் குறுகலான வழியில் நின்றுகொண்டு இந்த அவகாசத்துக்குள் முடித்திருக்கிறார்கள்.

முதலில் செங்காவிக் கோட்டால் உருவத்தை வரைவார்கள். பிறகு நிறங்கள். நிறப் பொடியில் பசை எதுவும் கிடையாது, வெறும் தண்ணீரில் கரைத்ததுதான். ஈரச் சுவர் அந்தத் தண்ணீரை உறிஞ்சும், பொடி மேற்பரப்பில் தங்கும். அடியிலிருந்து கரைந்த சுண்ணாம்பு மேலே வந்து, காற்று பட்டு, பொடியின் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பளிங்கு மாதிரி மெல்லிய தோலாக இறுகும். நிறம் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைத்தால் வராது, தண்ணீர் பட்டாலும் கரையாது.

இதில் ஓவியருக்கு இரண்டு கஷ்டம். ஒன்று, போட்ட கோட்டை அழிக்க முடியாது. தப்பானால் அந்த இடத்துப் பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். இரண்டாவது, ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம் வேறு, காய்ந்த பிறகு தெரிகிற நிறம் வேறு. காய்ந்ததும் வெளிறும். எவ்வளவு வெளிறும் என்பதை மனதில் கணக்கு வைத்துக்கொண்டுதான் தீட்ட வேண்டும். நேரம் தாண்டிப் பூச்சு காய்ந்துவிட்ட பிறகு தீட்டினால், அந்தப் பகுதியில் பளிங்குத் தோல் உருவாகாது. பார்க்க அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். கொஞ்ச காலத்தில் கையில் மாவாக ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு விஷயம். பெரிய கோயில் ஓவியத்தைப் பற்றிய பகிர்வுகளில் "மூலிகைச் சாயத்தில் வரைந்தது" என்று அடிக்கடி வரும். நானும் முன்பு அப்படி நம்பிப் பகிர்ந்திருக்கிறேன், மன்னிக்கவும். ஈரச் சுண்ணாம்பில் இலைச்சாறும் பூச்சாறும் நிற்காது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆரத்தி கரைக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டதும் என்ன ஆகிறது? மஞ்சள் சிவப்பாகிவிடுகிறது. சுண்ணாம்பின் காரம் செடியிலிருந்து எடுத்த நிறத்தை அப்படியே மாற்றிவிடும் அல்லது கொன்றுவிடும். ஈரச் சுவர் என்பது சுண்ணாம்புக் கடல். அதில் மஞ்சள் கிழங்கால் பட்டாடை தீட்டினால் ஆரத்தித் தட்டு மாதிரிதான் ஆகும்.

அதனால் சுண்ணாம்போடு சண்டை போடாத மண்ணும் கல்லும்தான் இந்த முறைக்கு ஒத்துவரும். மஞ்சளுக்கு மஞ்சள் காவி, சிவப்புக்குச் செங்காவி. இரண்டுமே இரும்புத் துரு கலந்த மண்தான். மஞ்சள் காவியைச் சுட்டால் அதுவே சிவப்பாகும். வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். கறுப்புக்கு விளக்குப் புகைக் கரி. பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். நீலம்தான் அரிது. அஜந்தா குகைகளில் பயன்படுத்திய நீலக் கல் ஆப்கானிஸ்தானத்து பதக்ஷான் மலைகளில் கிடைப்பது, அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. பழைய ஓவியங்களில் நீலம் கொஞ்சமாகவும் காவி தாராளமாகவும் இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை, காசும் காரணம்.

காவி மண்ணை அப்படியே அள்ளிப் போட்டுவிட முடியாது. இடித்து, தண்ணீரில் கலக்கி, கொஞ்ச நேரம் விடுவார்கள். மணலும் கப்பியும் உடனே அடியில் படியும். மேலே கலங்கலாக நிற்கும் தண்ணீரை வேறு பாத்திரத்தில் வடித்து, அதைத் தெளியவிட்டால் அடியில் தங்குவதுதான் நைஸான நிறம். இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். பிறகு அம்மியில் அரைப்பு. திருநீற்றைத் துணியில் சலித்துச் சலித்து எடுக்கிற வேலை செய்தவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும்.

சரி, செடியிலிருந்து வரும் நிறமும் பிசினும் எங்கே வருகின்றன? அது இரண்டாவது முறை, காய்ந்த சுவரில் எழுதுவது. தஞ்சையில் நாயக்கர் அடுக்கும் காய்ந்த சுவர் வகைதான். அந்த வகையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் ஒரு முறையை, படிப்படியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், கேரளக் கோயில்களின் சுவரோவிய முறை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் மேல்மாடிப் பூஜை அறை முழுக்க இந்த பாணி ஓவியங்கள் இருக்கின்றன, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இங்கேயும் முதல் பூச்சு சுண்ணாம்பும் மணலும்தான், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு. வெல்லம், கடுக்காய் ஊறிய நீரில் குழைப்பார்கள். இதைக் கேட்டதும் சிலர் சித்தர் ரகசியம் என்பார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைய வைத்து, பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் தாமதப்படுத்துகிறது. கடுக்காயின் துவர்ப்பு கலவையைப் பிடிப்பாக்குகிறது. இரண்டாவது பூச்சில் பஞ்சைச் சேர்த்து அரைப்பார்கள். பஞ்சு இழைகள் பூச்சுக்குள் வலை மாதிரி ஓடி, விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. சுண்ணாம்பை இளநீரில் கரைத்து, தண்ணீர் மாதிரி நீர்க்க, 25லிருந்து 30 தடவை பூசுவார்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கெட்டிப் பூச்சு செதிலாக உரியும். முப்பது மெல்லிய பூச்சும் ஒன்றாகச் சேர்ந்து, முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பாக, நிறத்தை அளவாக உறிஞ்சும் பரப்பாகும்.

இப்போது சுவர் காய்ந்துவிட்டது. நிறம் தானாக ஒட்டாது, பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் வேப்பம் பிசின். வேப்பமரத்தில் வடியும் பிசினைத் தண்ணீரில் கரைத்து நிறப் பொடியோடு கலப்பார்கள். அளவு முக்கியம். பிசின் குறைந்தால் நிறம் பொடியாக உதிரும். கூடினால் காயும்போது பிசின் சுருங்கி, நிறத்தை இழுத்துக்கொண்டு ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும்.

காவியும் செங்காவியும் இங்கேயும் உண்டு. ஆனால் பச்சை வேறு விதம். நீலி அவுரிச் செடியின் நீலத்தையும், மரத்திலிருந்து வடியும் ஒருவகை மஞ்சள் பிசினையும் சேர்த்துப் பச்சை எடுப்பார்கள். இது செடி நிறமாயிற்றே, சுண்ணாம்பு கெடுத்துவிடாதா? கெடுக்கும். அதனால்தான் பச்சை வர வேண்டிய இடத்தில் முதலில் எலுமிச்சைச் சாற்றைத் தடவுவார்கள். புளிப்பு காரத்தைத் தணித்துவிடும். வேதியியல் பாடம் படிக்காத ஆள், எந்த இடத்தில் எலுமிச்சை வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். எனக்கு இந்த முறையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, பச்சை என்று போய், கடைசியில் எண்ணெய் விளக்கின் புகைக்கரியால் கறுப்புக் கோடு இழுத்து முடிப்பார்கள். தூரிகைக்குக் கன்றுக்குட்டியின் காது முடி.

இந்தக் காய்ந்த சுவர் முறையை நான் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அவசரம் இல்லை, திருத்த முடியும், நகையின் ஒவ்வொரு மணியையும் உட்கார்ந்து எழுத முடியும், ஈரச் சுவர் ஏற்காத நிறங்களையும் பயன்படுத்த முடியும். அதற்குக் கொடுக்கும் விலை, பிசின். பிசின் என்பது உணவு. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது பிரசாதம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். இப்படி வருடா வருடம் உப்பிச் சுருங்கி, ஒரு நாள் பிடியை விட்டுவிடும். ஈரமான துணியால் "சாமி முகத்தைத் துடைக்கிறேன்" என்று யாராவது பக்தியோடு தேய்த்தால், நிறம் துணியில் வந்துவிடும். சோழர் அடுக்கு தாங்கினதை நாயக்கர் அடுக்கு தாங்காததற்கு இதுதான் அடிப்படை.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தொடவே வேண்டாம், உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். நிறம் மட்டும் செதில் செதிலாகக் கழன்று, அடியில் வெள்ளைப் பூச்சு முழுசாகத் தெரிந்தால், அது காய்ந்த சுவரில் பிசினால் ஒட்டியது. நிறமும் பூச்சும் சேர்ந்தே பெயர்ந்து, அடியில் சொரசொரப்பான அடுக்கோ கல்லோ தெரிந்தால், அது ஈரத்தில் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும், ஏனென்றால் ஈரத்தில் தொடங்கிக் காய்ந்த பிறகு மேல்வேலை செய்த சுவர்களும் உண்டு.

குகை ஓவியம் என்றதும் எல்லோரும் அஜந்தாவைச் சொல்வோம். அதுவும் ஈரச் சுண்ணாம்பு ஓவியம் என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை. அங்கே பாறை மேல் பூசியது மண். அதில் நெல் உமி, புல், நார் கலந்து குழைத்துப் பூசி, மேலே மெல்லிதாகச் சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பிறகு பசை கலந்த நிறத்தால் எழுதினார்கள். உமியும் புல்லும் மண்ணைப் பிடித்து வைக்கும், ஆனால் பூச்சிகளுக்கும் அது தீனி. அவை பூச்சுக்குள் துளைத்துத் தின்றதால் போன ஓவியங்கள் நிறைய. பக்கத்து எல்லோராவின் மண் பூச்சில் சணல்வகைக் கஞ்சாச் செடியின் நார் கலந்திருந்தது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தப் பூச்சைப் பூச்சிகள் அவ்வளவாகத் தொடவில்லையாம்.

அஜந்தாவுக்குப் பூச்சியைவிடப் பெரிய சோதனை நல்ல மனசோடு வந்தவர்களால் வந்தது. 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செப்பனிடுபவர்களை வரவழைத்தது. உதிர்கிற பூச்சை அவர்கள் ஒட்டவைத்தது உண்மையிலேயே உதவி. ஆனால் ஓவியங்களின் மேல் அரக்கு வார்னிஷும் பூசினார்கள். பூசினபோது பளபளவென்று இருந்தது. வருடம் போகப் போக அது மஞ்சளாகி, பழுப்பாகி, அழுக்கையும் பிடித்துக்கொண்டு ஓவியத்தையே மறைத்தது. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அகற்றும் வேலை தொல்லியல் துறையின் வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஓடியது.

தஞ்சைக்குத் திரும்புவோம். அடியில் சோழர் ஓவியம் என்று தெரிந்தாகிவிட்டது. மேலே இருப்பதும் 400 வருஷத்து ஓவியம், சும்மா சுரண்டிப் போட முடியுமா? இந்தச் சங்கடத்துக்கு இந்தியத் தொல்லியல் துறை ஒரு வழி கண்டது. மேல் அடுக்கை அதன் பூச்சோடு சேர்த்து உரித்து எடுப்பது. இந்த மாதிரி வேலையில், முதலில் ஓவியத்தின் முகத்தில் மெல்லிய துணியைக் கரையக்கூடிய பசையால் ஒட்டுவார்கள், நிறம் சிதறாமல் இருக்க. பிறகு பின்பக்கமாகப் பூச்சைத் தளர்த்தி, பலகை பலகையாகப் பிரித்தெடுப்பார்கள். அப்படி 16 நாயக்கர் ஓவியங்களை எடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பொருத்தி வைத்தார்கள். அடியில் சோழர் ஓவியம் சுவரிலேயே நிற்கிறது. நாயக்கர் காலத்தார் மேலே பூசினது ஒரு வகையில் அதற்குப் போர்வையாகவும் இருந்திருக்கிறது. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் அத்தனை காலமும் அந்தப் போர்வையின் மேல்தான் படிந்தன.

இனி தம்பியின் மூன்று வருஷச் சாயம். நம் சுவர் செங்கலும் சிமெண்டும். அதன் மேல் அடிப்பது பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன். அது சுவருக்குள் போவதில்லை, மேலே தோல் மாதிரி உட்காருகிறது. இங்கே பெய்யும் மழைக்குச் சுவர் எப்போதும் ஈரம். தரையிலிருந்து ஏறும் தண்ணீரும் அபிஷேகத் தண்ணீரும் வெளியே வர வழி தேடும்போது பிளாஸ்டிக் தோல் மறிக்கிறது. தண்ணீரோடு வரும் உப்பு தோலுக்கு அடியில் படிகமாகி அதைத் தூக்குகிறது. கொப்புளம், அப்புறம் உரிசல். உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான் உப்பு. சுண்ணாம்புச் சுவராக இருந்தால் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். பழைய சுண்ணாம்புச் சுவரின் விரிசலைச் சிமெண்டால் அடைப்பதும் இதே தொல்லையைத்தான் உள்ளே கொண்டுபோகும். சிமெண்டின் உப்பும் சேர்ந்து பக்கத்து ஓவியத்தைப் பெயர்க்கும்.

தமிழ்நாட்டில் பல கோயில்களில் திருப்பணி என்ற பேரில் சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்திருக்கிறார்கள். கல்லைச் சுத்தம் செய்ய மணலை அழுத்தத்தில் பீய்ச்சியடித்ததில் கல்வெட்டும் சிற்பமும் தேய்ந்தன. நாம் உபயம் கொடுக்கும் ஊர்க் கோயில்களும் அவற்றில் உண்டு. வெள்ளையடித்த சுவரையாவது பின்னால் பொறுமையாக உரித்துப் பார்க்கலாம். தேய்ந்துபோனதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்புகிறவர்கள், பணத்தோடு ஒரு கேள்வியும் அனுப்புங்கள்: பிரகாரச் சுவரில் வெள்ளைக்கு அடியில் நிறம் ஏதாவது தெரிகிறதா, தொல்லியல் துறையிடம் காட்டினீர்களா? இதைக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அடுத்த முறை தஞ்சாவூர் போனால், உள்சுற்று பூட்டியிருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள். கோயிலுக்குள்ளேயே திருச்சுற்று மாளிகையில் விளக்கக்கூடம் ஒன்று இருக்கிறது, சோழர் ஓவியங்களின் படங்களை அங்கே பார்க்கலாம். சுந்தரர் கயிலை போகும் காட்சியைத் தேடிப் பாருங்கள். வெள்ளை யானையின் உடம்பில் தெரியும் வெள்ளை நம் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்புதான். சேரமான் குதிரையைத் திருப்பிக்கொண்டு முன்னால் போகிறார். அந்தக் குதிரையின் கழுத்துக் கோட்டை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார்கள், திருத்தம் கிடையாது. சுவர் காய்வதற்குள் முடிக்க வேண்டுமே.

தம்பி, டீ நேரத்தில் விட்ட மீதி இதுதான். அடுத்த சனிக்கிழமை வரும்போது கொஞ்சம் மஞ்சள் பொடி கொண்டு வா, சுண்ணாம்பு நான் கொண்டு வருகிறேன்.